இஷ்க் வெறும் காதல் இல்லை, தர்த் வெறும் வலி இல்லை

கேள்வி: கஜல் நிறையக் கேட்கிறேன். உருது தெரியாததால் மொழிபெயர்ப்பை வைத்துத்தான் புரிந்துகொள்கிறேன். இஷ்க் என்றால் காதல், தர்த் என்றால் வலி என்று எல்லா இடத்திலும் ஒரே மாதிரி போட்டிருக்கிறது. உருது தெரிந்த நண்பரிடம் கேட்டால் "அது மட்டும் இல்லை" என்கிறார், ஆனால் வேறு என்ன என்று சொல்ல மாட்டேன் என்கிறார். உண்மையில் என்ன விடுபடுகிறது? தமிழில் அதைச் சொல்ல வழி உண்டா?

பதில்:

விடுபடுவதை ஓரளவு துல்லியமாகவே சொல்லிவிடலாம். உருதுச் சொல்லுக்குப் பல நிழல்கள் இருப்பது ஒரு காரணம். நாம் பதிலுக்கு வைக்கும் தமிழ்ச் சொல் கடந்த நூறு ஆண்டுகளில் சுருங்கிப்போயிருப்பது இன்னொரு காரணம். இந்த இரண்டாவதை யாரும் கவனிப்பதில்லை. அதைக் கவனித்தால் பழைய தமிழிலேயே பாதி விடை கிடைக்கிறது.

முதலில் இஷ்க். அன்பு, நேசம் என்பதற்கு உருதுவில் சொல் பஞ்சமே இல்லை. பழகப் பழக ஒட்டிக்கொள்ளும் பிரியம் உல்ஃபத். வேண்டும் என்ற விருப்பம் சாஹத். வீட்டிலும் தெருவிலும் புழங்குவது பியார். தாய்க்கும் நண்பனுக்கும் ஊருக்கும் கடவுளுக்கும் பொருந்தும் கௌரவமான சொல் முஹப்பத். இத்தனை இருக்கும்போது ஒரு கவிஞர் இஷ்க் என்று எழுதினால், மற்றவை போதாமல்தான் அங்கே போயிருக்கிறார். அந்தப் போதாமையை மொழிபெயர்ப்பு காட்டவேண்டும்.

இந்தச் சொல்லின் வேரை அரபு அகராதிக்காரர்கள் 'அஷகா' என்ற கொடியோடு சேர்த்துச் சொல்வார்கள். மரத்தைச் சுற்றிப் படர்ந்து, இறுக்கி, கடைசியில் மரத்தையே உலரவைக்கும் கொடி அது. வேர்ச்சொல் ஆராய்ச்சியாக இது எவ்வளவு உறுதி என்பது வேறு விஷயம். கவிஞர்கள் இதை நினைவில் வைத்து எழுதியிருக்கிறார்கள், நமக்கு அதுதான் முக்கியம். நம் வீட்டு வேலிகளில் சின்னச் சிவப்பு நட்சத்திரமாகப் பூக்கும் மயில்மாணிக்கக் கொடிக்கு உருதுவில் 'இஷ்க் பேசா' என்றே பெயர். இஷ்க் போல முறுக்கிச் சுற்றுவது என்று பொருள். ஆக, பற்றிக்கொண்டதை அழிப்பது இந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. முஹப்பத்தில் அது கிடையாது.

இன்னொரு வேறுபாடும் உண்டு. முஹப்பத்தின் மூலமான 'ஹுப்' குர்ஆனில் வரும் சொல். இஷ்க் குர்ஆனில் இல்லை. கடவுள்மேல் வைக்கும் அன்பை இஷ்க் என்று சொல்வது எல்லை மீறல் என்று கருதிய அறிஞர்கள் இருந்தார்கள். சூஃபிகள் தெரிந்தேதான் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டார்கள். மனிதர்மேல் வைப்பது இஷ்க்-ஏ-மஜாஜி, மெய்ப்பொருள்மேல் வைப்பது இஷ்க்-ஏ-ஹகீகி என்று இரண்டாகப் பிரித்தாலும், முதலாவது இரண்டாவதற்குப் படி என்றார்கள். ஒரு ஷேர், அதாவது கஜலின் ஈரடி, இதில் எந்த இஷ்க்கைப் பேசுகிறது என்பதைக் கவிஞர் பெரும்பாலும் சொல்லமாட்டார். நாம் ஒன்றைத் தீர்மானித்து மொழிபெயர்த்தால் அந்தக் கதவைச் சாத்திவிடுகிறோம்.

'காதல்' என்று போட்டால் சிக்கல் இங்கேதான் வருகிறது. இன்றைய காதில் காதல் என்றால் இளைஞன், இளம்பெண், கல்யாணம், எதிர்ப்பு. ஆனால் சம்பந்தர் "காதலாகிக் கசிந்து கண்ணீர் மல்கி" என்று பாடியபோது அது இறைவன்மேல் வைத்த காதல். அந்தக் காதலுக்கு இஷ்க்-ஏ-ஹகீகி வரை எட்டும் கை இருந்தது. எனவே காதல் தவறான சொல் இல்லை. பக்கத்தில் வரும் சொற்களை வைத்து அதன் பழைய அகலத்தை மீட்டுக் கொடுக்கவேண்டும், அவ்வளவுதான்.

எப்போது மீட்க முடியும், எப்போது முடியாது என்பதற்கு ஒரு சோதனை இருக்கிறது. ஷேரில் இஷ்க் என்ன செய்கிறது என்று பாருங்கள். ஒருவர் இன்னொருவர்மேல் வைக்கும் உணர்வாக வந்தால் காதல் தாங்கும். இஷ்க் தானே எழுவாயாகி, ஓர் ஆள்போலவோ ஒரு பொருள்போலவோ நின்றால் காதல் தள்ளாடும். மீர் தகீ மீர் (1723–1810) சொல்கிறார்:

இஷ்க் இக் மீர் பாரீ பத்தர் ஹை
கப் யே துஜ் நாதவான் ஸே உட்தா ஹை

"மீர், இஷ்க் ஒரு கனத்த பாறை. வலுவில்லாத உன்னால் இதை எங்கே தூக்க முடியும்?" தமிழருக்கு உடனே இளவட்டக்கல் நினைவுக்கு வரும், ஆனால் அந்த நினைவு இங்கே உதவாது. இளவட்டக்கல்லைத் தூக்கினால் பெண் கிடைக்கும். மீரின் கல்லைத் தூக்குவதே வாழ்க்கை, அதற்கு அப்பால் பரிசு ஏதும் இல்லை. இங்கே "காதல் ஒரு கனத்த பாறை" என்று எழுதலாம், சமாளிக்கும். இக்பாலிடம் (1877–1938) போனால் சமாளிக்காது:

பே-கதர் கூத் படா ஆதிஷ்-ஏ-நம்ரூத் மே இஷ்க்
அக்ல் ஹை மஹ்வ்-ஏ-தமாஷா-ஏ-லப்-ஏ-பாம் அபீ

நம்ரூத் மன்னன் இப்ராஹிம் நபியை நெருப்பில் போட்ட கதை பின்னணி. இஷ்க் அஞ்சாமல் அந்த நெருப்பில் குதித்துவிட்டது. அறிவு இன்னும் மாடி விளிம்பில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கிறது. இதில் காதலன் இல்லை, காதலி இல்லை, பிரிவு இல்லை. கணக்குப் பார்க்காமல் பாயும் ஓர் ஆற்றல்தான் இஷ்க், அதற்கு எதிர்ச்சொல் வெறுப்பு இல்லை, 'அக்ல்'. இந்த இடத்தில் "காதல் நெருப்பில் குதித்தது" என்று எழுதினால் படிப்பவருக்குத் தோன்றுவது சினிமா. இங்கே இஷ்க் என்றே விட்டுவிட்டு, அக்லுக்கு மட்டும் 'அறிவு' என்று தமிழ் கொடுத்தால், எதிரில் நிற்கும் சொல்லே இஷ்க்கின் பொருளைக் காட்டிவிடும்.

இனி தர்த். இதுதான் மேலும் வளமான இடம், தமிழுக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டமும் இருக்கிறது.

தர்த் பாரசீகச் சொல். தலைவலிக்கு 'ஸர்-தர்த்', பல்வலிக்கும் முதுகுவலிக்கும் தர்த். அந்த அளவில் அது வலியேதான். பிறகு அது பிரிவின் வேதனைக்குப் போகிறது. அங்கிருந்து வலியில் சேராத இன்னொரு இடத்துக்கும் போகிறது. 'ஹம்-தர்த்' என்றால் கூடச் சேர்ந்து வலி கொள்பவர், அதாவது பரிவுள்ளவர். 1906-ல் தில்லியில் தொடங்கிய யுனானி மருந்துக் கடைக்கு ஹம்தர்த் என்று பெயர் வைத்ததன் பொருள் அதுதான். 'பே-தர்த்' என்றால் நேராகப் பார்த்தால் வலி இல்லாதவர், ஆனால் உண்மைப் பொருள் இரக்கமற்றவர். கஜலில் காதலிக்கப்படுபவரை பே-தர்த் என்று அழைத்தால் "வலியற்றவளே" என்று மொழிபெயர்ப்பது முழுப்பிழை. ஒரு பாடகரின் குரலில் தர்த் இருக்கிறது என்றால் நாம் உருக்கம் என்போம். யாரும் அங்கே வலி என்று சொல்லமாட்டோம்.

தில்லியில் வாழ்ந்த சூஃபிக் கவிஞர் குவாஜா மீர் தர்த் (1721–1785) இந்தச் சொல்லையே தன் புனைபெயராக வைத்துக்கொண்டவர். அவருடையதாக வழங்கும் ஷேர்:

தர்த்-ஏ-தில் கே வாஸ்தே பைதா கியா இன்ஸான் கோ
வர்னா தாஅத் கே லியே குச் கம் ந தே கர்ரூபியான்

"மனிதனைப் படைத்தது தர்த்-ஏ-தில்லுக்காக. பணிந்து வழிபட என்றால் வானவர்கள் ஒன்றும் குறைவாக இல்லையே." இதை "இதய வலிக்காக மனிதன் படைக்கப்பட்டான்" என்று எழுதினால் இருதய நோய்ப் பிரிவுக்குப் போய்விடும். "வேதனைக்காக" என்றால் கடவுள் கொடுமைக்காரர் ஆகிவிடுவார். இங்கே தர்த்-ஏ-தில் என்பது பிறர் துன்பத்தில் நோகக்கூடிய நெஞ்சு. வானவர்களிடம் இல்லாதது அதுதான்.

இப்போது உடல்வலி, காதல் வேதனை, பிறருக்காக நோவது என்ற மூன்றையும் ஒரே சொல்லில் வைத்திருந்த தமிழ் உண்டா என்று பாருங்கள். உண்டு. திருக்குறளில் 'நோய்' அப்படித்தான் வருகிறது. "அறிவினான் ஆகுவ துண்டோ பிறிதின்நோய் தந்நோய்போல் போற்றாக் கடை" என்ற 315-ஆவது குறளில் நோய் என்பது மற்றோர் உயிர் படும் துன்பம். மீர் தர்த் சொல்வதற்கு இதைவிட நெருங்கிய வரி கிடைப்பது கடினம். காமத்துப்பாலுக்குப் போனால் "இருநோக்கு இவளுண்கண் உள்ளது ஒருநோக்கு நோய்நோக்கொன் றந்நோய் மருந்து" என்று அதே நோய் காதல் வேதனையாகிறது. இன்று நோய் என்றால் சர்க்கரை நோய், நோயாளி, மருத்துவச் சீட்டு என்று சொல் சுருங்கிவிட்டது உண்மைதான். ஆனாலும் பக்கத்தில் மருந்து என்ற சொல்லோ நெஞ்சு என்ற சொல்லோ இருந்தால் பழைய நோய் விழித்துக்கொள்கிறது. கஜலில் தர்த்துக்குப் பக்கத்தில் 'தவா', அதாவது மருந்து, வராத கவிஞரைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். நிகண்டில் தேடி எடுத்த சொல்போல நோய் ஒலிக்குமோ என்று பயப்பட வேண்டாம். 'நோகுது' என்று இன்றும் பேசுகிறோம்.

தர்த்தை அதன் அக்கம்பக்கத்தாரிடமிருந்து பிரித்துவைப்பதும் அவசியம். 'கம்' (அழுத்தி ஒலிக்கும் க) என்பதன் அரபு வேருக்கு மூடுவது என்று பொருள், மேகத்துக்கான 'கமாம்' அதே குடும்பம். கம் மூடிக்கொள்ளும் துயர், கவிந்து நிற்கும். தர்த் குறிப்பிட்ட இடத்தில் சுருக்கென்று எழும். 'கலிஷ்' என்பது முள் உள்ளே ஒடிந்து நின்ற உறுத்தல். காலிப் (1797–1869) இதை அளந்து காட்டுகிறார்:

கோயீ மேரே தில் ஸே பூசே தேரே தீர்-ஏ-நீம்-கஷ் கோ
யே கலிஷ் கஹா ஸே ஹோதீ ஜோ ஜிகர் கே பார் ஹோதா

வில்லைப் பாதி மட்டும் இழுத்து விட்ட அம்பின் அருமையை என் நெஞ்சைக் கேளுங்கள் என்கிறார். அது முழு வேகத்தில் வந்து ஈரலைத் துளைத்து அப்பால் போயிருந்தால் இந்த உறுத்தல் எப்படிக் கிடைத்திருக்கும்? கலிஷுக்கு 'வலி' என்று எழுதினால் ஷேரே செத்துவிடும், ஏனென்றால் துளைத்துப் போனாலும் வலி இருக்கத்தானே செய்யும். உள்ளே தங்கியதால் மட்டுமே வருவது உறுத்தல். தமிழ் இங்கே கச்சிதமாகப் பொருந்துகிறது. ஜிகர் என்பது கல்லீரல். பழைய மருத்துவத்தில் இரத்தம் உண்டாகும் இடம் அது, ஆகவே கஜலில் தாங்கும் வலுவின் இருப்பிடம். 'இதயம்' என்று மாற்றினால் முதல் அடியின் தில்லோடு குழம்பிவிடும். "ஈரக்குலை நடுங்குது" என்று சொல்லும் மொழிக்கு ஈரல் ஒன்றும் அன்னியமில்லை.

மீருடைய இன்னொரு ஷேரில் தர்த்தும் கமும் சேர்ந்து வருகின்றன: "முஜ் கோ ஷாயிர் ந கஹோ மீர் கி ஸாஹிப் மைனே / தர்த் ஓ கம் கித்னே கியே ஜமா தோ தீவான் கியா." என்னைக் கவிஞன் என்று சொல்லாதீர்கள் ஐயா, எத்தனையோ தர்த்தையும் கமையும் சேர்த்துத்தான் தீவான் ஆக்கினேன் என்கிறார். தீவான் என்றால் கவிதைத் தொகுதி, கணக்குப் பதிவேடும் அதுவே. ஜமா என்றால் சேர்ப்பு, வரவுக் கணக்கு. தாலுகா அலுவலகத்து ஜமாபந்தியும் சமஸ்தானத்துத் திவானும் தெரிந்த தமிழருக்கு இந்தக் கணக்குப்பிள்ளை வாசனை பிடிபடும். "வலிகளைத் திரட்டி நூலாக்கினேன்" என்ற மொழிபெயர்ப்பில் அது போய்விடுகிறது. "நோவும் துயரும் எத்தனை வரவு வைத்தேன், ஏடானது" என்று எழுதினால் கொஞ்சம் மிஞ்சுகிறது.

இனி, நீங்கள் கேட்ட இரண்டு சொல்லும் சேர்ந்து வரும் ஒரு ஷேரை முழுதாகப் பார்த்துவிடலாம். காலிப்புடையது:

இஷ்க் ஸே தபீஅத் நே ஜீஸ்த் கா மஜா பாயா
தர்த் கீ தவா பாயீ, தர்த்-ஏ-பே-தவா பாயா

வழக்கமான மொழிபெயர்ப்பு இப்படி இருக்கும்: "காதலால் மனம் வாழ்க்கையின் இன்பத்தைப் பெற்றது. வலிக்கு மருந்தைப் பெற்றது, மருந்தில்லாத வலியைப் பெற்றது." அகராதிப்படி ஒரு சொல்லும் தப்பில்லை, ஆனாலும் ஷேர் இதில் இல்லை.

முதல் இழப்பு தபீஅத். இதற்கு இயல்பு, சுபாவம், மனநிலை என்று அகராதி சொல்லும். ஆனால் "தபீஅத் எப்படி இருக்கிறது?" என்றால் உடம்பு எப்படி இருக்கிறது என்றுதான் கேட்கிறார்கள். யுனானி மருத்துவத்தில் தபீஅத் என்பது உடலைத் தானே நடத்தி, நோயைத் தானே எதிர்த்து நிற்கும் இயற்கை ஆற்றல், மருத்துவர் அதற்கு உதவியாள் மட்டுமே. தபீஅத், தர்த், தவா மூன்றும் ஒரு ஹகீமின் அறையில் சேர்ந்திருக்கும் சொற்கள். இப்படி ஒரே வட்டத்துச் சொற்களைப் பக்கத்தில் வைப்பதற்கு உருதுவில் ரிஆயத் என்று பெயர். முதல் சொல்லுக்கு 'மனம்' என்று போட்டவுடன் அந்த அறை கலைந்துவிடுகிறது.

இரண்டாவது மஜா. தமிழில் மஜா என்றால் கேளிக்கை, கொண்டாட்டம். உருதுவில் அடிப்படைப் பொருள் நாக்கில் படும் சுவை. காலிப்பே வேறோர் இடத்தில், பைத்தியக்காரன் என்று தன்மேல் கல்லெறியும் சிறுவர்கள் காயத்தில் உப்பு எங்கே தூவப்போகிறார்கள், கல்லிலேயே உப்பு இருந்திருந்தால் எவ்வளவு மஜா என்கிறார். அந்த மஜாவில் எரிச்சலும் சேர்ந்தே இருக்கிறது. 'இன்பம்' என்றால் அது விடுபடும். 'ருசி' என்றால் உறைப்பும் கசப்பும் அதில் அடங்கும்.

மூன்றாவது, கடைசியில் நிற்கும் பாயா. இது இந்தக் கஜலின் ரதீஃப், அதாவது ஒவ்வொரு ஷேரின் கடைசியிலும் மாறாமல் வரும் சொல். கிடைக்கப்பெறுவதும் அதுதான், கண்டுபிடிப்பதும் அதுதான், ஒன்றை உணர்ந்துகொள்வதும் அதுதான். 'பெற்றது' என்றால் முதல் பொருள் மட்டும் வருகிறது. தமிழில் 'கண்டது' இந்த மூன்றையும் தாங்கும். ருசி கண்ட பூனை என்கிறோம். மருந்து கண்டுபிடிக்கிறோம். "குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது" என்றும் சொல்கிறோம். இந்தக் கடைசி வழக்கு உருதுவில்கூட இல்லாத லாபம்.

நான்காவதுதான் ஷேரின் முடிச்சு. இரண்டாம் அடியின் இரு பாதியும் வேறுவேறு இரண்டு செய்திகள் இல்லை. முன்பு ஒரு நோவு இருந்தது, வாழ்க்கை சப்பென்று இருப்பதன் நோவு. அதற்கு மருந்தாக இஷ்க் வந்தது. அந்த மருந்தேதான் மருந்தில்லாத நோய். பொருள் ஒன்றுதான், இரண்டு பெயர்களால் சொல்கிறார். நடுவில் 'ஆனால்' என்றோ 'கூடவே' என்றோ சேர்த்தால் அது இரண்டாகப் பிரிந்துவிடும். பெரும்பாலான மொழிபெயர்ப்புகள் இங்கேதான் தவறுகின்றன. காலிப் இணைப்புச் சொல் எதுவும் போடவில்லை, நாமும் போடக்கூடாது. "பிணிக்கு மருந்து பிறமன் அணியிழை தன்நோய்க்குத் தானே மருந்து" என்ற 1102-ஆவது குறள் இதே தச்சுவேலை. மற்ற பிணிக்கு மருந்து வேறிடத்தில் இருக்கும், இவள் தந்த நோய்க்கு இவளே மருந்து. வள்ளுவர் நோயிலிருந்து மருந்துக்குப் போகிறார், காலிப் மருந்திலிருந்து நோய்க்கு வருகிறார்.

இவற்றையெல்லாம் சேர்த்தால்:

காதலால் உடம்பு வாழ்வின் ருசி கண்டது
நோய்க்கு மருந்து கண்டது, மருந்தில்லா நோய் கண்டது

'உடம்பு' கொஞ்சம் நெருடலாம். தபீஅத்தில் உள்ள சுபாவம் என்ற பாதி இதில் இல்லை. 'உள்ளம்' என்றால் நலம் என்ற பாதி போய்விடும். "உடம்பு சரியில்லை" என்று நாம் சொல்லும்போது மனச்சோர்வையும் அதில் அடக்கித்தான் பேசுகிறோம் என்பதால் நான் உடம்பையே தேர்ந்தெடுப்பேன். 'உயிர்' என்று வைப்பவரோடும் சண்டைக்குப் போகமாட்டேன். இங்கே இஷ்க்கை ஏன் காதல் என்று மாற்றினேன் என்றால், நோய், மருந்து என்ற இரண்டு சொற்கள் சுற்றி நின்று அகப்பாடல்களின் பழைய காதலை மீட்டுக் கொடுக்கின்றன.

மேலே தர்த் கீ தவா என்றும் தர்த்-ஏ-பே-தவா என்றும் இரண்டு விதமாக வந்ததைக் கவனித்திருப்பீர்கள். முதலாவதில் உள்ள 'கீ' நம் 'உடைய' போன்ற வேற்றுமை உருபு. இரண்டாவதில் நடுவில் ஒலிக்கும் 'ஏ' பாரசீக இஜாபத், அது இரண்டு சொற்களை ஒட்டும், ஆனால் எந்த உறவில் ஒட்டியது என்று சொல்லாது. கம்-ஏ-இஷ்க் என்பது காதலால் வந்த துயரா, காதலுக்காகப் படும் துயரா, காதல் என்னும் துயரா? மூன்றுமே சரி. 'காதலினால் ஏற்படும் துயரம்' என்று விரித்து எழுதினால் மற்ற இரண்டும் செத்துவிடும். தமிழுக்கு இங்கே ஆயத்தமான கருவி இருக்கிறது, தொகைச்சொல். 'காதல்துயர்' என்று உருபைத் தொக்க வைத்துவிட்டால், மூன்றாம் வேற்றுமையாகவும் நான்காம் வேற்றுமையாகவும் இருபெயரொட்டாகவும் விரித்துப் படிக்க இடம் இருக்கிறது. சொல்வரிசை மட்டும் தலைகீழாகும், உருதுவில் துயர் முன்னால், தமிழில் பின்னால். பெயரும் பெயரும் இஜாபத்தில் சேர்ந்தால் முதலில் தொகையாக்கிப் பாருங்கள், வாக்கியம் நொண்டினால் மட்டும் உருபு சேருங்கள்.

காலிப் ஷேர் ஒன்றின் இரண்டாம் அடியில் இது நன்றாகத் தெரியும்: "கம்-ஏ-இஷ்க் கர் ந ஹோதா கம்-ஏ-ரோஜ்கார் ஹோதா." காதல்துயர் இல்லாதிருந்தால் ரோஜ்கார்துயர் இருந்திருக்கும். 1989-ல் வந்த ஜவஹர் ரோஜ்கார் யோஜனாவைப் பத்திரிகையில் படித்தவர்களுக்கு ரோஜ்கார் என்றால் வேலைவாய்ப்பு. பாரசீகத்திலும் பழைய உருதுவிலும் அது காலம், உலகம், காலத்தின் போக்கு, பிழைப்பு. 'வேலைத் துயர்' என்றால் சிறுத்துவிடும், 'உலகத் துயர்' என்றால் அரிசி பருப்புக் கவலை காணாமல் போகும். 'பிழைப்புத்துயர்' என்றால் உயிர் தப்பிக் கிடப்பது, வயிற்றுப்பாடு இரண்டும் வரும்.

தமிழில் ஏற்கெனவே வந்து தங்கிய உருதுச் சொற்களிடம் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள், தெரிந்த சொல்லாயிற்றே என்ற நம்பிக்கையில் தடுக்கிவிடும். தில் நம்மூரில் தைரியம், 'தில்லு இருந்தா வா'. கஜலில் தில் ஆசைப்படும், அடம்பிடிக்கும், தொலைந்துபோகும், பெரும்பாலும் தைரியமே இல்லாதது. 'அசல்' என்ற சொல் மட்டும் பொருள் மாறாமல் அப்படியே இருக்கிறது. பேஜார் சென்னையில் தொல்லை, உருதுவில் சலித்து விலகி நிற்பது:

ஹம் ஹை முஷ்தாக் ஔர் வோ பேஜார்
யா இலாஹீ யே மாஜ்ரா க்யா ஹை

இந்த ஷேரில் இன்னும் இரண்டு பொறிகள் உண்டு. 'ஹம்' என்பது நாம் என்று பன்மை வடிவில் இருந்தாலும் கஜலில் பேசுபவர் ஒருவர்தான். 'நாங்கள்' என்று எழுதினால் கூட்டம் சேர்ந்துவிடும். 'வோ' ஆணா பெண்ணா என்று காட்டாது, காட்டும் இடங்களிலும் காதலிக்கப்படுபவருக்கு ஆண்பால் வினையே கஜல் மரபு. அது காதலியாகவும் இருக்கலாம், அரசனாகவும் கடவுளாகவும் இருக்கலாம். தமிழில் 'அவள்' என்றால் கடவுள் வெளியேறிவிடுவார், 'அவன்' என்றால் பேசுபவர் நாயகி ஆகிவிடுவார். அப்படி ஆவது ஆழ்வார் பாசுரத்தின் வழி, கஜலில் பேசுபவர் நாயகி வேடம் போடுவதில்லை. ஆனால் பிரதிப்பெயர் இல்லாமலேயே வாக்கியம் முடிக்கத் தமிழுக்குத் தெரியும்:

எனக்கோ ஏக்கம், அங்கோ சலிப்பு
இறைவா, இதென்ன சங்கதி?